ஐந்நூறுக்கு மேலே பத்து யூனிட்

2022 கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா மின் அட்டையோடு வந்தார். "போன தடவை 500 யூனிட், 1,725 ரூபா கட்டினேன். இப்போ 510தான். 2,030 ரூபா வந்திருக்கு. ரீடிங் தப்பா எடுத்துட்டாங்களாப்பா?" என்றார்.

ரீடிங் சரியாகவே இருந்தது. தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில். அந்தச் செப்டம்பரில் வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100க்கு யூனிட் 2.25 ரூபாய், ஆக 225. அடுத்த 200க்கு 4.50 வீதம் 900. கடைசி 100க்கு 6 ரூபாய் வீதம் 600. மொத்தம் 1,725. இதை 500ஆல் வகுத்தால் யூனிட்டுக்குச் சராசரியாக 3.45 ரூபாய்.

510க்கு, மேலே உள்ள பத்து யூனிட்டுக்கு மட்டும் 8 ரூபாய் வீதம் 80 சேரும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் 500ஐத் தாண்டியதும் அட்டவணையே மாறிவிடுகிறது. அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய், 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ஆகிறது. 300 யூனிட்டுக்கு 1,350, அடுத்த 100க்கு 600, மேல் பத்துக்கு 80. மொத்தம் 2,030. சராசரி 3.98.

சராசரியை மட்டும் பார்த்தால் ஐம்பது காசுதான் ஏறியிருக்கிறது, பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்தப் பத்து யூனிட்டின் உண்மை விலை 305 ரூபாய். 501ஆவது யூனிட் ஒன்று மட்டுமே 233 ரூபாய்! ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் விடாமல் மின்சாரம் இழுத்தால் ஒரு யூனிட். நாம் கட்டியது என்ன என்பதைச் சராசரி சொல்லும். இன்னொரு யூனிட் எரித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாது.

எனக்கு மனம் பொறுக்காதது ரீடிங் தள்ளிப்போவதுதான். நாளுக்கு 8 யூனிட் எரிக்கும் வீட்டில் அறுபதாம் நாள் எடுத்தால் 480, பில் 1,605. ஐந்து நாள் தாமதமானால் 520, பில் 2,110. அடுத்த சுற்றில் நாள் குறைந்தாலும் இந்தத் தடவை போன சலுகை திரும்பாது.

2024இல் விலைகள் சற்று ஏறின. ஆகவே இன்றைய பில்லுக்கு இன்றைய விலையை வைத்துப் போட வேண்டும். 500இல் இருக்கும் அந்தப் பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அக்கா இப்போது நாற்பதாம் நாள் மீட்டரைப் பார்க்கிறார். திரையில் எண்கள் மாறி மாறி ஓடும். kWh என்று வரும்போது குறித்துக்கொண்டு, அட்டையில் உள்ள பழைய ரீடிங்கைக் கழிக்கிறார். போன மாதம் 360 வந்தது. மீதி இருபது நாளுக்கு 140 யூனிட், நாளுக்கு ஏழு. அன்று ராத்திரி ஏ.சி.யைப் பன்னிரண்டு மணிக்கே நிறுத்திவிட்டார்.