ஒரு முகூர்த்தக் காலை, மூன்று மணப்பெண்கள்

வைகாசி, ஆவணி, தை மாதங்களின் வளர்பிறை முகூர்த்த நாட்களில் ஒரே ஊரில் நூற்றுக்கணக்கான மண்டபங்களில் கெட்டிமேளம் கேட்கும். ஓரளவு பெயர் வாங்கிய மணப்பெண் அலங்காரக் கலைஞருக்கு அந்த ஒரு நாளைக் கேட்டு நாலைந்து வீடுகளிலிருந்து போன் வரும். ஆடியிலும் மார்கழியிலும் வேலை இருக்காது. அதனால் வருகிற நாளில் எத்தனை பெண்களுக்கு ஒப்புக்கொள்ளலாம் என்ற கணக்கில்தான் இந்தத் தொழில் நடக்கிறது. அந்தக் கணக்கு தவறினால் எங்கோ ஒரு மண்டபத்தில் ஐயர் மூன்றாம் முறையாக "பொண்ணை அழைச்சிண்டு வாங்கோ" என்பார். அறைக்குள்ளே பெண் பாதி முகத்தோடு உட்கார்ந்திருப்பாள்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள முதலில் கிழமையைப் பார்க்க வேண்டும். காலை 6 மணிக்குச் சூரிய உதயம் என்று வைத்துப் போடும் வழக்கமான கணக்குப்படி, ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4.30-க்கும் எமகண்டம் பகல் 12-க்கும்தான் தொடங்கும். காலை முழுவதும் தடையில்லை. முகூர்த்தங்கள் 6 மணியிலிருந்து 12 வரை பரவி நிற்கும். திங்கட்கிழமை அப்படியில்லை. 7.30 முதல் 9 வரை ராகு காலம், 10.30 முதல் 12 வரை எமகண்டம். ஆகவே எல்லாத் திருமணங்களும் 6 – 7.30, 9 – 10.30 என்ற இரண்டே இடைவெளிகளில் நெருங்கிவிடும். ஒரே இடைவெளியில் இரண்டு பெண்களை ஒரு கலைஞரால் கவனிக்க முடியாது. ஞாயிறன்று மூன்று பேர் சாத்தியம் என்றால், திங்களன்று இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

விற்பது 75 நிமிடம்

ஒரு பெண்ணைத் தயார் செய்யச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆகும். முகத்துக்குத் தோலைத் தயார்படுத்துவது, பேஸ் போடுவது, கண், உதடு எல்லாம் சேர்த்து 75 நிமிடம். சவுரி வைத்துப் பின்னி, பூ ஜடை கட்டி, பில்லை குத்த 45 நிமிடம். புடவை, நகை, நெற்றிச்சுட்டி, கடைசிச் சரிபார்ப்புக்கு 30 நிமிடம். ஆட்களைக் கூட்டினால் நேரம் குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தலைமுடியை ஒருவர் இழுத்துப் பின்னும்போது இன்னொருவர் கண்ணில் ஐலைனர் போட முடியாது. பெண்ணின் தலை அசையும், கோடு கோணும். ஒன்று முடிந்த பிறகுதான் இன்னொன்று.

இந்த இரண்டரை மணி நேரத்தில் தலைமைக் கலைஞரின் கை கட்டாயம் தேவைப்படுவது அந்த முதல் 75 நிமிடத்துக்குத்தான். தலையலங்காரத்தையும் புடவையையும் பழகிய உதவியாளர்கள் செய்வார்கள். ஆகவே ஒரு காலையில் எத்தனை பெண்கள் என்ற கேள்வியை, தலைமைக் கலைஞர் ஒரு நாற்காலியிலிருந்து அடுத்த நாற்காலிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர எத்தனை முறை முடியும் என்று மாற்றிக் கேட்க வேண்டும்.

ஒரு மதுரை ஞாயிறு

மதுரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். திருப்பரங்குன்றத்தில் முதல் பெண், முகூர்த்தம் 6 – 7.30. தல்லாகுளத்தில் இரண்டாவது பெண், 7.30 – 9. ஒத்தக்கடையில் மூன்றாவது பெண், 10.30 – 12. மூன்று இடங்களும் தெற்கிலிருந்து வைகையைக் கடந்து வடகிழக்காக ஒரே போக்கில் அமைகின்றன. திரும்பி வர வேண்டிய அவசியமில்லை. இதுவே இரண்டாவது திருமணம் திருநகரில் இருந்து, மூன்றாவது மறுபடி திருப்பரங்குன்றத்தில் என்றால் தூரம் குறைவுதான். ஆனாலும் முகூர்த்த நாளில் சன்னதித் தெருவுக்குள் விடிந்த பிறகு வண்டி நுழைவதே பெரும்பாடு என்பதால் அந்தச் சுற்று ஆபத்தானது.

நேரத்தைத் தாலி கட்டுவதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பத்திரிகையில் இருக்கும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் தவறிவிடும். முதல் பெண்ணுக்குத் தாலி 6.45 என்று வீட்டார் சொல்கிறார்கள். சடங்குக்கு அழைப்பது 6 மணிக்கு. அதற்கு முன் அரை மணி நேரம் புகைப்படக்காரருக்கு. ஆக 5.30-க்குத் தயார், 3 மணிக்கு நாற்காலியில். இரண்டாவது பெண்ணை 7.30-க்கு அழைப்பார்கள், மூன்றாவது பெண்ணை 10.15-க்கு.

முதல் மண்டபத்தில் முகத்தை முதலில் வைத்துக்கொள்கிறார்கள். தலைமைக் கலைஞர் 3 மணிக்குத் தொடங்கி 4.15-க்கு முடித்துப் பெட்டியைத் தூக்குகிறார். அங்கிருக்கும் இரண்டு உதவியாளர்கள் 5.30-க்குள் தலையும் புடவையும் முடிக்கிறார்கள். தல்லாகுளத்தில் வரிசை மாறுகிறது. அங்கே வேறு இரண்டு உதவியாளர்கள் 4.15-க்குத் தலையலங்காரத்தைத் தொடங்கி 5 மணிக்கு முடித்திருப்பார்கள். தலைமைக் கலைஞர் வந்ததும் முகம். 6.15-க்கு அவர் கிளம்ப, புடவையும் நகையும் 6.45-க்கு முடியும். ஒத்தக்கடையில் 7.15-க்கு மீண்டும் முகம் முதலில். முதல் மண்டபத்தில் தலையலங்காரம் முடித்தவர் அதற்குள் அங்கே வந்துவிடுவார். 9.45-க்குப் பெண் தயார். வரிசையை இப்படி மாற்றி வைப்பதால்தான், முதல் பெண்ணின் வேலை முடிவதற்கு முன்பே இரண்டாவது பெண்ணின் வேலை தொடங்கிவிடுகிறது. பூவை மட்டும் எந்த மண்டபத்திலும் கடைசியில்தான் வைப்பார்கள். அப்போதுதான் மேடையில் வாடாமல் நிற்கும்.

சாலைக்கு மேல் ஒரு நேரம்

விடிகாலை 4.15-க்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து கோரிப்பாளையம் வழியாகத் தல்லாகுளம் போக அரை மணி நேரம் போதும். ஆனால் அட்டவணையில் 45 நிமிடம் இருக்கிறது. வண்டியை நிறுத்த இடம் தேடி, பெட்டிகளை மாடிக்கு ஏற்றி, மணமகள் அறையைக் கண்டுபிடித்து, விளக்கைப் பொருத்த கால் மணி நேரம் ஆகிவிடும். கூகுள் மேப்ஸ் காட்டும் நேரம் மண்டப வாசலோடு முடிந்துவிடும். இரண்டாவது பயணத்தில் தூரம் குறைவு, ஆனாலும் மாட்டுத்தாவணி விழித்துக்கொண்டிருக்கும் நேரம். அதனால் 45 நிமிடத்துக்கு மேல் இன்னும் 15 நிமிடம் சும்மா விடப்பட்டிருக்கிறது.

அந்த 15 நிமிடத்தின் மதிப்பு தாமதம் வரும்போது தெரியும். முதல் பெண் தலைக்குக் குளித்து ஈர முடியோடு 3.20-க்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தலைமைக் கலைஞர் 4.35-க்குக் கிளம்பி 5.20-க்குத் தல்லாகுளத்தில் தொடங்குகிறார். இரண்டாவது பெண் 7.05-க்குத் தயார், சடங்குக்கு முன் இன்னும் 25 நிமிடம் இருக்கிறது. அங்கிருந்து 6.35-க்குக் கிளம்பினால் 7.20-க்கு ஒத்தக்கடை. இருபது நிமிடத் தாமதம் மூன்றாவது பெண்ணிடம் ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிட்டது. இடைவெளியே விடாத அட்டவணையில் அதே இருபது நிமிடம் கடைசிப் பெண் வரை அப்படியே போய்ச் சேரும்.

தாமதம் எங்கிருந்து வருகிறது என்பதும் இத்துறையினருக்குத் தெரியும். முந்தின நாள் எண்ணெய் தேய்த்த தலை, இன்னும் ஹூக் வைக்காத ரவிக்கை, லாக்கர் சாவியோடு எங்கோ நிற்கும் மாமா. எல்லாவற்றையும்விட அதிக நேரத்தைத் தின்பது, "அக்கா, எனக்கும் கொஞ்சம் போட்டு விடுங்களேன்" என்று நாத்தனாரும் சித்தியும் வந்து நிற்பது. மறுக்கவும் முடியாது. ஆகவே உறவினர் அலங்காரத்தை முன்பதிவிலேயே தலைக்கணக்கில் கேட்டு, அதற்குத் தனி உதவியாளரைப் போடுவார்கள். புடவையை முந்தின நாளே வாங்கி மடிப்பு வைத்து, அயர்ன் செய்து, பின் குத்தி அனுப்புவதும் இதற்காகவே.

இன்னொன்றும் அடிக்கடி மறந்துபோகிறது. பெண் மேடைக்குப் போனதோடு வேலை முடிவதில்லை. பல குடும்பங்களில் தாலிக்குச் சற்று முன்பு கூறைப்புடவை கொடுத்து மாற்றி வரச் சொல்வார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மாற்ற வேண்டும். பிராமண வீடென்றால் ஒன்பது கஜ மடிசார் கட்டத் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு மண்டபத்திலும் ஒரு உதவியாளர் தாலி கட்டும் வரை நகரக்கூடாது. அந்தச் சம்பளத்தையும் சேர்த்துத்தான் கட்டணம் சொல்ல வேண்டும்.

மாற்றுக் கலைஞர் எப்போது வருவார்?

வண்டி பழுதாகலாம், தலைமைக் கலைஞருக்கே காய்ச்சல் வரலாம். "தெரிந்த ஒருத்தி இருக்கிறாள், கூப்பிட்டால் வருவாள்" என்பது ஏற்பாடு ஆகாது. முகூர்த்த நாளில் அவளும் எங்கோ வேலையில்தான் இருப்பாள். அன்று காலை வேறு வேலை எடுக்காமல் இருப்பதற்கு ஒரு தொகை பேசி, இரண்டாவது மண்டபத்துக்குப் பக்கத்தில் பெட்டியோடு தயாராக இருக்கும் ஒருவரே மாற்றுக் கலைஞர். அழைக்காவிட்டாலும் அந்தத் தொகை அவருக்கு உண்டு.

அவரிடம் மூன்று பெண்களின் விவரத் தாளும் முந்தின நாளே போய்ச் சேர வேண்டும். தோலின் தன்மை, எந்தப் பொருள் ஒவ்வாது, ட்ரையலில் பொருந்திய ஃபவுண்டேஷன் எண், புடவை நிறம், பெண் ஒப்புக்கொண்ட ட்ரையல் படம், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு கைதேர்ந்தவர் வந்தாலும் ஒரு அந்நியரின் முகத்தைத்தான் தொடங்குவார்.

அழைக்கும் நேரத்தையும் முன்பே எழுதி வைக்க வேண்டும். நம் கணக்கில் தல்லாகுளத்துப் பெண்ணை 7.15-க்காவது தயார் செய்ய, முகம் 5.30-க்குள் தொடங்கியாக வேண்டும். மாற்றுக் கலைஞர் வந்து பெட்டியைத் திறக்க அரை மணி நேரம். ஆகவே 4.45-க்குத் தலைமைக் கலைஞர் திருப்பரங்குன்றத்தை விட்டுக் கிளம்பவில்லை என்றால் உதவியாளர் யாரையும் கேட்காமல் போன் செய்துவிடலாம். "இதோ அஞ்சு நிமிஷம்" என்ற நம்பிக்கையிடம் முடிவை விட்டால் அந்த நேரம் கடந்துவிடும். அவர் வந்தும் தேவைப்படாமல் போனால் நஷ்டம் கொஞ்சம் பணம் மட்டுமே.

இவ்வளவு ஏற்பாட்டோடும் ஒரு தலைமைக் கலைஞருக்கு ஒரு காலையில் மூன்று பெண்களே எல்லை என்பது என் கருத்து. நான்காவது பெண்ணை எடுத்தால் அவள் முகத்தை வேறொருவர்தான் தொடுவார். அதில் தவறில்லை, முன்பணம் வாங்கும்போதே அதைச் சொல்லியிருந்தால். சொல்லாமல் செய்வது ஏமாற்று. திருமண வீட்டாரும் பதிவு செய்யும்போது நான்கு கேள்விகள் கேட்டுவிடுங்கள்: அன்று காலை உங்களுக்கு எத்தனை திருமணங்கள், எங்களுடையது எத்தனையாவது, என் பெண்ணின் முகத்துக்கு யார் உட்காருவார், அவர் வர முடியாவிட்டால் யார்? நான்குக்கும் பெயரும் நேரமும் சொல்லிப் பதில் தருபவரிடம் முன்பணத்தைக் கொடுங்கள்.