ஒரே பங்கு, இரண்டு விலை

1999 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் நாஸ்டாக் சந்தையில் இன்ஃபோசிஸ் வர்த்தகத்துக்கு வந்தது. நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்ட முதல் இந்திய நிறுவனம் அதுதான். ஆறு ஆண்டுகளுக்கு முன்பே மும்பையில் விற்பனைக்கு வந்திருந்த அதே பங்கு, அன்று முதல் டாலரிலும் விலை பேசப்பட்டது. கடலுக்கு இரு பக்கமும் ஒரே நிறுவனம், ஒரே லாபம், ஒரே நிர்வாகம். ஆனால் ஓராண்டுக்குள், 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நியூயார்க் விலை மும்பை விலையைப் போல இருமடங்குக்கும் மேலே போய்விட்டது.

இது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொண்டால், ஒரு நிறுவனம் பல நாடுகளின் சந்தைகளில் தலைகாட்டுகிற ஏற்பாடு முழுவதும் புரிந்துவிடும்.

முதலில், நியூயார்க்கில் விற்றது இன்ஃபோசிஸ் பங்கே அல்ல. இந்தியப் பங்கு ரூபாயில் இருக்கிறது. இந்தியாவின் டீமேட் கணக்கில்தான் இருக்க முடியும். அதனால் ஒரு இடைத்தரகு ஏற்பாடு தேவைப்படுகிறது. நிறுவனத்தின் பங்குகள் இந்தியாவில் ஒரு வங்கியின் பாதுகாப்பில் வைக்கப்படும். அந்த வங்கிக்குக் கஸ்டோடியன் என்று பெயர். அந்தப் பங்குகளை ஆதாரமாக வைத்து அமெரிக்காவில் இன்னொரு வங்கி ரசீதுகள் வெளியிடும். அதுதான் டெபாசிட்டரி வங்கி. ரசீதுக்குப் பெயர் அமெரிக்கன் டெபாசிட்டரி ரெசீப்ட், சுருக்கமாக ஏ.டி.ஆர். இதையே லண்டனிலோ லக்சம்பர்க்கிலோ வெளியிட்டால் ஜி.டி.ஆர். என்பார்கள், 1992இல் ரிலையன்ஸ் வெளியிட்டதுதான் இந்தியாவின் முதல் ஜி.டி.ஆர்.

இந்த உத்தி புதிதல்ல. 1927இல் லண்டனின் செல்ஃப்ரிட்ஜஸ் கடை நிறுவனத்தின் பங்குகளை அமெரிக்கர்கள் சிரமமில்லாமல் வாங்குவதற்காக, நியூயார்க்கின் கேரன்டி டிரஸ்ட் வங்கி முதல் ஏ.டி.ஆரை உருவாக்கியது. அமெரிக்க முதலீட்டாளர் தன் வழக்கமான புரோக்கரிடம் டாலரில் வாங்குகிறார், டாலரில் விற்கிறார். நிறுவனம் ரூபாயில் டிவிடெண்ட் கொடுத்தால், டெபாசிட்டரி வங்கி அதை டாலராக மாற்றி, வரியையும் தன் கட்டணத்தையும் கழித்துக்கொண்டு அனுப்பிவைக்கிறது.

ஒரு ரசீதுக்கு எத்தனை பங்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஹெச்.டி.எஃப்.சி. வங்கியின் ஓர் ஏ.டி.ஆருக்குள் மூன்று பங்குகள் இருக்கின்றன, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக்கு இரண்டு. இன்ஃபோசிஸ் தொடங்கும்போது ஒரு ரசீதுக்கு அரைப் பங்குதான். ரசீது ஒன்று 34 டாலர் வீதம் 20.7 லட்சம் ரசீதுகளை விற்று, சுமார் 7 கோடி டாலர் திரட்டியது. 2004இல் போனஸ் பங்குகள் கொடுத்தபோது கணக்கு மாறி, ஒன்றுக்கு ஒன்று என்று ஆனது. இந்த விகிதத்தைப் பார்க்காமல் விலையை ஒப்பிடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஹெச்.டி.எஃப்.சி. வங்கி ரசீது 30 டாலர், டாலர் மதிப்பு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ரசீதின் விலை 2,550 ரூபாய். மும்பையில் பங்கு 850 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று துள்ளிக் குதிக்கத் தேவையில்லை. மூன்றால் வகுத்தால் இரண்டும் ஒன்றுதான்.

இரண்டு சந்தைகளிலும் விலை பொதுவாக ஒட்டிப்போவதற்குக் காரணம் லாப நோக்கம்தான். உதாரணத்துக்கு, இன்ஃபோசிஸ் மும்பையில் 1,500 ரூபாய். நியூயார்க்கில் ரசீது 18 டாலர், அதாவது 1,530 ரூபாய் என்று கொள்வோம். பெரிய வர்த்தகர் மும்பையில் பங்கை வாங்குவார், கஸ்டோடியனிடம் ஒப்படைப்பார், ரசீதாக மாற்றி நியூயார்க்கில் விற்பார். கையில் 30 ரூபாய் மிஞ்சுகிறது. ரசீது வெளியிட டெபாசிட்டரி வங்கி ரசீதுக்கு 5 சென்ட் வரை கட்டணம் வாங்கும்; இது நான்கு ரூபாய்க்கு மேல். புரோக்கர் கமிஷன், பங்கு பரிவர்த்தனை வரி, நடுவில் டாலர் விலை மாறினால் வரும் நஷ்டம் எல்லாம் போக மிச்சம் இருந்தால் அவருக்கு லாபம். இப்படிப் பலர் செய்யும்போது மும்பை விலை ஏறும், நியூயார்க் விலை இறங்கும், இடைவெளி மூடிக்கொள்ளும்.

2000ஆம் ஆண்டில் இந்த வழிதான் இல்லை. அன்றைய இந்திய விதிகளின்படி ரசீதைக் கொடுத்துவிட்டுப் பங்காக மாற்றிக்கொள்ளலாம். மும்பையில் வாங்கிய பங்கை ரசீதாக மாற்ற முடியாது. ஒருவழிப் பாதை. ரசீது விலை கூடுதலாக இருக்கும்போது அதைப் பங்காக மாற்றி யார் நஷ்டப்படுவார்கள்? பாதையின் திறந்திருந்த பக்கத்தில் யாருக்கும் வேலை இல்லை. வேலை இருந்த பக்கம் மூடியிருந்தது. அமெரிக்காவிலோ இன்டர்நெட், மென்பொருள் என்றாலே பணம் கொட்டிய காலம். சாதாரண அமெரிக்கர் மும்பையில் நேரடியாகப் பங்கு வாங்கவும் வழியில்லை. கோடிக்கணக்கான டாலர் துரத்தியது சில பத்து லட்சம் ரசீதுகளை. விலை எகிறாமல் என்ன செய்யும்?

2002 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அந்தப் பாதையைப் பாதி திறந்தது. எத்தனை ரசீதுகள் ஏற்கெனவே பங்காக மாறி இந்தியாவில் விற்கப்பட்டனவோ, அந்த அளவுக்கு மட்டும் பங்கை மீண்டும் ரசீதாக மாற்றலாம் என்பது விதி. காலி இடம் இருந்தால்தான் உள்ளே நுழைய முடியும். ஆனால் ரசீது விலை உயர்ந்திருக்கும்போது யாரும் அதைப் பங்காக மாற்றாததால், காலி இடமும் உருவாகவில்லை. அதனால்தான் விதி மாறிய மறுநாளே விலைகள் ஒன்றுசேர்ந்துவிடவில்லை. இன்ஃபோசிஸ் 2003, 2005, 2006 ஆண்டுகளில் இந்தியப் பங்குதாரர்களின் பங்குகளைச் சேகரித்து ரசீதாக மாற்றி அமெரிக்காவில் விற்றுக் கொடுத்தது. உயர்ந்த டாலர் விலையின் பலன் உள்ளூர் பங்குதாரருக்கும் கிடைத்தது. நியூயார்க்கில் ரசீதுகளின் எண்ணிக்கையும் பெருகியது. வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் மும்பையில் நேரடியாக வாங்குவதும் எளிதானது. இன்று INFY என்ற பெயரில் நியூயார்க் பங்குச் சந்தையில் விற்கும் ரசீதுக்கும் மும்பை பங்குக்கும் பெரும்பாலும் சில சதவீத வித்தியாசம்தான்.

அந்தச் சில சதவீதத்திலும் ஒரு பகுதி வெறும் நேர வித்தியாசம். மும்பை மாலை 3:30 மணிக்கு மூடுகிறது. அமெரிக்கச் சந்தை நம் நேரப்படி கோடையில் இரவு 7 மணிக்குத் திறந்து 1:30 மணிக்கு மூடும். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதே இல்லை. இன்ஃபோசிஸ் காலாண்டு முடிவுகளை மும்பை மூடிய பிறகு அறிவிப்பதால், முதல் எதிர்வினை நியூயார்க்கில்தான் தெரியும். காலையில் எழுந்து, ஏ.டி.ஆர். ஐந்து சதவீதம் ஏறியிருக்கிறதே, முந்தின நாள் மும்பை விலைக்கு வாங்கிவிடலாம் என்று நினைப்பவருக்கு 9:15க்கு அந்த விலை இருக்காது. உண்மையான இடைவெளியை அறிய, நியூயார்க்கின் முடிவு விலையை அன்றைய டாலர் மதிப்பால் பெருக்கி, பங்கு விகிதத்தால் வகுத்து, மறுநாள் மும்பையின் தொடக்க விலையோடு ஒப்பிட வேண்டும்.

பாதை மூடியிருந்தால் விலை மேலேதான் போகும் என்பதில்லை. 2010இல் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி இந்தியாவில் ரசீதுகள் வெளியிட்டது. ஐ.டி.ஆர். என்ற பெயரில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் இங்கே வந்தது அந்த ஒருமுறைதான். பத்து ரசீதுக்கு ஒரு லண்டன் பங்கு. ரசீதின் விலை 104 ரூபாய். 24 கோடி ரசீதுகள். ஓராண்டு கழிந்ததும் ரசீதைக் கொடுத்துப் பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் காத்திருந்தார்கள். 2011 ஜூனில் செபி ஒரு சுற்றறிக்கை விட்டது: ரசீதுகள் சந்தையில் அரிதாகவே கைமாறினால்தான் மாற்ற அனுமதி. ஆறு மாத வர்த்தகத்தை ஆண்டுக் கணக்கில் பார்த்து, மொத்த ரசீதுகளில் ஐந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் அரிது என்று பொருள். அந்த ரசீதுகள் அதைவிட நன்றாகவே கைமாறிக்கொண்டிருந்தன. வழி அடைபட்டது தெரிந்ததும் விலை 20 சதவீதம் சரிந்தது. லண்டனில் வங்கிக்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை. ரசீதிலிருந்து பங்குக்குப் போகும் வழிக்கு இருந்த மதிப்புதான் கரைந்துபோனது. பின்னர் விதி தளர்த்தப்பட்டது என்றாலும், 2020இல் வங்கி இந்தியச் சந்தையிலிருந்து விலகிக்கொண்டது.

அதே ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் லண்டனிலும் ஹாங்காங்கிலும் இருப்பது வேறு வகை. ஹாங்காங்கில் 2002 முதல் விற்பது ரசீது அல்ல, அசல் பங்கு. பங்குதாரர் பதிவேடு இரண்டு ஊரிலும் இருக்கிறது; ஒரு பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கி மற்றதில் சேர்த்தால் பங்கு ஊர் மாறிவிடும். இதைத்தான் இரட்டைப் பட்டியல் என்கிறார்கள். ரூபாயை முழுமையாக வெளிநாட்டில் மாற்ற முடியாத இந்தியாவில் இதற்கு இடமில்லை. 2009இல் பார்தி ஏர்டெல்லும் தென்னாப்பிரிக்காவின் எம்.டி.என். நிறுவனமும் 2,300 கோடி டாலருக்கு மேற்பட்ட இணைப்பு ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தன. தென்னாப்பிரிக்க அரசு இரு நாடுகளிலும் பட்டியலிட வேண்டும் என்றது. இந்தியச் சட்டம் அதற்கு வழிவிடவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் பேச்சு முறிந்தது. முறிவுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ரசீது எவ்வளவு சௌகரியமானதோ அவ்வளவுக்கு அது ஒரு வாக்குறுதியும்கூட. அசல் இன்னொரு நாட்டின் சட்டத்துக்குள் இருக்கிறது. 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது போர் தொடுத்தபோது, லண்டனில் விற்ற ஸ்பெர்பேங்க் ரசீது சென்டுகளுக்கு இறங்கியது. மார்ச் தொடக்கத்தில் ரஷ்ய ரசீதுகளின் வர்த்தகமே நிறுத்தப்பட்டது. ஏப்ரலில், வெளிநாட்டு ரசீதுத் திட்டங்களை முடித்துக்கொள்ளும்படி ரஷ்யா தன் நிறுவனங்களுக்குச் சட்டம் போட்டது. ரசீதைக் கையில் வைத்திருந்த பலரால் மாஸ்கோவில் இருந்த பங்கை எடுக்கவும் முடியவில்லை, விற்கவும் முடியவில்லை.

நிறுவனம் தானாக விலகும்போது இத்தனை சிக்கல் இல்லை. ஆனால் ரசீது வைத்திருப்பவர் விழிப்பாக இருக்க வேண்டும். 2004இல் நியூயார்க் போன டாடா மோட்டார்ஸ், வெளிநாட்டவர்கள் இந்தியாவிலேயே தன் பங்குகளைத் தாராளமாக வாங்குகிறார்கள், இரண்டு நாட்டு விதிகளுக்கும் அறிக்கை எழுதும் சுமையைக் குறைக்கலாம் என்று சொல்லி 2023 ஜனவரியில் அங்கிருந்து வெளியேறியது. ரசீது வைத்திருந்தவர்களுக்குச் சுமார் ஆறு மாதம் அவகாசம் கிடைத்தது. அதற்குள் ரசீதை டெபாசிட்டரி வங்கியிடம் ஒப்படைத்தால், ரசீது ஒன்றுக்கு ஐந்து பங்குகள் கிடைக்கும். அவற்றை ஏற்க இந்தியாவில் டீமேட் கணக்கு திறந்திருக்க வேண்டும். கணக்கு திறக்காதவர்களின் பங்குகளை வங்கியே பிறகு சந்தையில் விற்று, கட்டணங்களைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். அந்த விற்பனை எந்த நாளில், என்ன விலைக்கு நடக்கும் என்பதில் ரசீதுக்காரருக்குச் சொல் இல்லை.