பழைய திசையை மறக்க வேண்டிய நேரம்

பல மாறிகள் கொண்ட ஒரு சார்பின் மதிப்பு எங்கே மிகக் குறைவாகிறது என்று கணினி தேடும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முடிவுகளை எடுக்கிறது: எந்தத் திசையில் போவது, அந்தத் திசையில் எவ்வளவு தூரம் போவது. நிற்கும் இடத்தில் மதிப்பு எந்தப் பக்கம் வேகமாக ஏறுகிறது என்பதைச் சாய்வுத் திசையன் காட்டும். அதை g என்று குறிப்பது வழக்கம். அதற்கு நேர் எதிரான −g திசையில் இறங்குவதே எளிய வழி. ஆனால் குறுகிய நீண்ட பள்ளத்தாக்கில் இந்த வழி ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வளைந்து வளைந்து போய், பள்ளத்தின் நீளவாக்கில் மிக மெதுவாகவே முன்னேறும். இந்தக் குறையைத் தீர்க்க வந்தது இணைச் சாய்வு முறை. அது −g உடன் முந்தைய சுற்றின் திசையிலும் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்கிறது:

```
d_புதிது = −g_புதிது + β · d_பழையது
```

β என்பது பழைய திசைக்குத் தரப்படும் எடை. முறையின் பல வடிவங்களும் வேறுபடுவது இந்த ஒரு எண்ணைக் கணக்கிடும் விதத்தில்தான். அணிகளைச் சேமிக்கத் தேவையில்லை. சில திசையன்களுக்கு இடமிருந்தால் போதும். லட்சக்கணக்கான மாறிகள் உள்ள கணக்குகளிலும் இது பயன்படுவதற்குக் காரணம் அதுவே.

1952இல் ஹெஸ்டெனஸ், ஷ்டீஃபல் ஆகிய இருவரும் இந்த முறையை நேரியல் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்காக வெளியிட்டார்கள். அது ஓர் இருபடிச் சார்பின் சிறுமத்தைத் தேடுவதற்குச் சமம். மாறிகளின் எண்ணிக்கை n என்றால், பிழையற்ற கணக்கில் அதிகபட்சம் n சுற்றுகளில் விடை கிடைத்துவிடும். 1964இல் ஃபிளெட்சரும் ரீவ்ஸும் இதே முறையைப் பொதுவான சார்புகளுக்கு விரித்தார்கள். 1969இல் போலாக், ரிபியேர் இருவரும் வேறொரு சூத்திரம் தந்தார்கள். பொல்யாக்கும் அதே ஆண்டில் தனியே அதை அடைந்தார்.

```
ஃபிளெட்சர்–ரீவ்ஸ்:   β = (g_புதிது · g_புதிது) / (g_பழையது · g_பழையது)
போலாக்–ரிபியேர்:   β = g_புதிது · (g_புதிது − g_பழையது) / (g_பழையது · g_பழையது)
```

இங்கே புள்ளி, இரு திசையன்களின் புள்ளிப் பெருக்கலைக் குறிக்கும். சார்பு சரியான இருபடியாக இருந்து, ஒவ்வொரு திசையிலும் சரியாகச் சிறுமம் வரை போய் நின்றால், அடுத்தடுத்த சாய்வுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும். அப்போது g_புதிது · g_பழையது பூஜ்யமாகிவிடுவதால், இரண்டு சூத்திரங்களும் ஒரே எண்ணைத் தரும். வளைவு இடத்துக்கு இடம் மாறும் சார்புகளில்தான் அவற்றின் குணம் பிரிகிறது.

அந்தப் பிரிவை இரண்டு மாறிகள் கொண்ட ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஏதோ ஒரு சுற்றில் g = (1, 0) என்றும், பழைய எடைகள் சேர்ந்து சேர்ந்து d = (−1, 100) ஆகிவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். இறங்க வேண்டிய பக்கம் இடம். திசையோ கிட்டத்தட்ட நேர் மேலே பார்க்கிறது. இரண்டுக்கும் இடையே சுமார் 89.4 பாகை. அப்படிப்பட்ட திசையில் மதிப்பு மிகக் கொஞ்சமே குறையும். ஆகவே சிறு அடி வைத்ததும் தேடல் நின்றுவிடும். அடி சிறிதானதால் சாய்வும் அதிகம் மாறாது. புதிய g = (1, 0.01) என்று கொள்வோம். இது d-க்குச் செங்குத்து. அதாவது அந்தத் திசையில் போக வேண்டிய தூரம் சரியாகவே போயாயிற்று.

ஃபிளெட்சர்–ரீவ்ஸ் சூத்திரத்தில் β = 1.0001. புதிய திசை ஏறத்தாழ (−2, 100). −g-க்கும் அதற்கும் உள்ள கோணம் மறுபடியும் 89.4 பாகையே. அடுத்த அடியும் சிறிதாக இருக்கும், அதற்கடுத்ததும் அப்படியே. ஒருமுறை கெட்ட திசை பல சுற்றுகளுக்குக் கெட்டே கிடக்கும். போலாக்–ரிபியேர் சூத்திரத்திலோ, சாய்வுகளின் வேறுபாடு (0, 0.01) மட்டுமே என்பதால் β = 0.0001 ஆகிறது. புதிய திசை (−1.0001, 0). −g-யிலிருந்து அது 0.6 பாகைக்கும் குறைவாகவே விலகியிருக்கிறது. அடி சிறிதானால் பழைய திசையைத் தானாகவே உதறிவிடும் குணம் இந்தச் சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது.

அந்த உதறலை வெளியிலிருந்து செய்வதே மறுதொடக்கம்: ஒரு சுற்றில் β-வைப் பூஜ்யமாக்கி, −g திசையிலிருந்து புதிதாகத் தொடங்குவது. n சுற்றுகளுக்கு ஒருமுறை அப்படிச் செய்வது பழைய வழக்கம். இதற்குக் கோட்பாட்டிலேயே காரணம் உண்டு. n சுற்றுகளில் முடியும் என்ற உறுதி, முதல் திசை −g ஆக இருந்தால் மட்டுமே செல்லும். வேறு திசையில் தொடங்கினால், இருபடிச் சார்பில்கூட வேகம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே விகிதத்தில் குறையும் அளவுக்கு இறங்கிவிடலாம் என்று கிரௌடரும் வுல்ஃபும் 1972இல் காட்டினார்கள். பொதுச் சார்பு ஒன்று சிறுமத்துக்கு அருகில் வந்த பிறகுதான் இருபடி போல நடந்துகொள்ளும். ஆனால் அங்கே வந்து சேரும்போது கையிலிருக்கும் திசை, தொலைவில் வேறு வளைவுகளில் சேர்த்த சுமையோடு வருகிறது. மறுதொடக்கம் அந்தச் சுமையை இறக்கி வைத்து, இருபடிப் பகுதிக்குள் முறையைச் சரியான முதல் திசையோடு நுழைய விடுகிறது.

மாறிகள் பத்து லட்சம் இருக்கும் கணக்கில் n சுற்றுக் கெடுவுக்குப் பொருள் இல்லை. அதற்கு வெகு முன்பே கணக்கு முடிந்துவிடும், அல்லது நேரம் தீர்ந்துவிடும். ஆகவே எண்ணிக்கையை விட நிலையைப் பார்ப்பது மேல். பவல் 1977இல் தந்த சோதனை எளியது: அடுத்தடுத்த சாய்வுகள் செங்குத்தாக இருப்பதிலிருந்து எவ்வளவு விலகியுள்ளன என்று பார்த்து, விலகல் மிகுந்தால் மறுதொடக்கம் செய்வது.

```
|g_புதிது · g_பழையது| ≥ 0.2 · (g_புதிது · g_புதிது)
```

மேலே கண்ட கணக்கில் இடப்பக்கம் 1, வலப்பக்கம் சுமார் 0.2. சோதனை உடனே எச்சரிக்கிறது. ஃபிளெட்சர்–ரீவ்ஸ் முறையும் அப்போது −g-க்குத் திரும்பி, சிக்கலிலிருந்து ஒரே சுற்றில் மீளும்.

போலாக்–ரிபியேர் சூத்திரம் தானாக மறந்துவிடும் என்பதால் அதற்குக் காவலே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. மூன்று மாறிகள் கொண்ட ஒரு சார்பில், ஒவ்வொரு திசையிலும் சரியாகத் தேடினாலும், இந்த முறை முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கலாம் என்று பவல் 1984இல் காட்டினார். அதில் β எதிர்மறையாகும் சுற்றுகள் உண்டு. எதிர்மறை β-வைப் பூஜ்யமாக்குவது அவரே சொன்ன மாற்று. தக்க கட்டுப்பாடுள்ள அடித் தேடலோடு அது ஒருங்கும் என்று ஜில்பர்ட்டும் நொசெடலும் 1992இல் நிறுவினார்கள். இந்த வடிவமும் ஒரு மறுதொடக்கமே. Β எதிர்மறையாகும்போது மட்டும் நடப்பது. SciPy நூலகத்தில் `method='CG'` பயன்படுத்துவது இதையே.

கோளாறை அடையாளம் காண ஒவ்வொரு சுற்றிலும் மூன்று எண்களைப் பதிந்தால் போதும்: அடியின் நீளம், β, −g-க்கும் d-க்கும் இடையிலான கோணம். அடி சிறுத்து, β ஒன்றை ஒட்டி நின்று, கோணம் 90 பாகையை நெருங்கினால் திசை கெட்டுவிட்டது. கோணம் 90-ஐத் தாண்டினால் அந்தத் திசை இறங்கவே இறங்காது. அங்கே மறுதொடக்கம் கட்டாயம். எதிர்ப்பக்கத்திலும் எல்லை உண்டு. ஒவ்வொரு சில சுற்றுக்கும் மறந்துகொண்டே இருந்தால் பழைய திசையால் கிடைக்கும் பலன் போய்விடும். கரைக்குக் கரை வளையும் பழைய இறக்கமே மிஞ்சும்.