கடனுக்குள் நுழைந்த 'பி'

ஆங்கிலத்தில் கடனுக்கு 'டெட்' என்று பெயர். எழுதும்போது டி, ஈ, பி, டி. இடையில் நிற்கும் 'பி' ஒலிப்பதே இல்லை. முன்பு ஒலித்துப் பின்னால் தேய்ந்துபோனதா என்றால், அதுவும் இல்லை. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லில் 'பி' கிடையாது. லத்தீன் மூலமான 'டெபிட்டும்' என்பதில் அது இருக்கிறதே என்று பிற்காலத்துப் படிப்பாளிகள் எழுத்தில் மட்டும் செருகிவிட்டார்கள். ஜனங்களின் வாய் அதைக் கண்டுகொள்ளவில்லை.

'நைஃப்' என்ற சொல்லின் முதலில் வரும் 'கே' இதற்கு நேர்மாறு. அது ஒரு காலத்தில் நிஜமாகவே ஒலித்த எழுத்து. ஒலி போய்விட்டது, எழுத்து தங்கிவிட்டது. ஆக, எழுத்தைப் பார்த்து ஒலியை ஊகிப்பது வீண். அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில், இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே இருப்பதைத்தான் படிக்க வேண்டும். கடனுக்கு அங்கே /det/ என்றிருக்கும். 'பி' இல்லை, விவகாரம் முடிந்தது.

அந்தக் குறியீடுகள் 1886இல் பாரிஸில் மொழி ஆசிரியர்கள் தொடங்கிய சங்கத்தின் வழி வந்தவை. ஒரு குறிக்கு ஒரே ஒலி என்பது அவற்றின் நியதி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய வேண்டாம். நம் வாய்க்கு முதலில் தேவைப்படுபவை இரண்டுதான்.

ஒன்று, தலைகீழாகக் கவிழ்த்த 'ஈ' போன்ற ə. நாக்கைத் தளரவிட்டு, அரைகுறையாகச் சொல்லும் ஓர் 'அ' அது. குற்றியலுகரம் குறுகி ஒலிப்பது நமக்குப் பழக்கம்தான். இங்கே எந்த உயிரெழுத்தும் அப்படிக் குறுகி இந்த ஒலியாகலாம். மற்றொன்று, மேலே நிற்கும் சிறு கோடு ˈ. அதற்கு அடுத்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும்.

காய்கறியை நாம் 'வெ-ஜி-ட-பிள்' என்று நான்கையும் சமமாகத் தட்டுகிறோம். அகராதியோ /ˈvedʒtəbl/ என்கிறது. கோடு முதலிலேயே நிற்கிறது. ஆகவே 'வெ'யில் அழுத்தம். dʒ என்பது நம் 'ஜ'. அதன் பின்னால் உயிரொலியே இல்லாமல் t வருகிறது. 'ஜி'யில் இருந்த இகரம் காணாமல் போயிற்று. 'ட' இருந்த இடத்தில் தளர்ந்த ə. சேர்த்துச் சொன்னால் 'வெஜ்-ட-பிள்', மூன்றே அசை.

கோடு இடம் மாறினால் உயிரொலிகளும் மாறும். புகைப்படம் /ˈfəʊtəɡrɑːf/; புகைப்படக்கலை /fəˈtɒɡrəfi/. முதல் சொல்லில் வலுவாக இருந்த 'ஃபோ', கோடு நகர்ந்ததும் 'ஃப' என்று சுருங்குகிறது. முதலில் மங்கலாக இருந்த இரண்டாம் அசை தெளிந்து 'டா'வுக்கு அருகில் வந்துவிடுகிறது. நம்மில் பலர் இரண்டுக்கும் ஒரே 'போட்டோ'வைத்தான் வைத்துக்கொள்கிறோம்.

ஒரு பொறி உண்டு. குறியீட்டில் j தனியாக வந்தால் அது 'ஜ' அல்ல, 'ய'. /jes/ என்றிருந்தால் 'யெஸ்'. அதேபோல் /kɑː(r)/ என்று அடைப்புக்குள் r இருந்தால், பிரிட்டிஷ் பேச்சில் அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கும்போது மட்டுமே அது ஒலிக்கும்.

கைபேசி அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் போதாதா? கேட்கலாம்தான். ஆனால் 'வெஜிடபிள்' என்றே பழகிய காது, அங்கே இல்லாத 'ஜி'யையும் கேட்டுவிடும். குறியீட்டைப் படித்து, வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் தொடுங்கள்.