மாதம் எவ்வளவு கட்டினால் 25 லட்சம்?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகளுக்கு ஆறு வயது. பதினெட்டு வயதில் அவளைப் பொறியியல் கல்லூரியில் சேர்க்க வேண்டும். கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் சேர்த்து நான்கு வருடப் படிப்புக்கு இன்றைக்கு 10 லட்சம் ஆகிறது என்று விசாரித்து வைத்திருக்கிறார்கள். கையில் 12 வருடம் இருக்கிறது. மாதாமாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பெரும்பாலான வீடுகளில் இந்தக் கணக்கு தலைகீழாகத்தான் நடக்கிறது. "மாதம் 3,000 போட முடியும், போட்டு வைப்போம், வருவது வரட்டும்" என்று தொடங்குகிறார்கள். கல்லூரிக் கட்டணம் கட்டும் நாளில்தான் பற்றாக்குறை தெரிகிறது. தேவையில் தொடங்கி மாதத் தொகைக்கு வந்தால், பற்றாக்குறை எவ்வளவு என்பது 12 வருடம் முன்பே தெரிந்துவிடும்.

முதலில் இலக்கைச் சரியாக வைக்க வேண்டும். இன்றைக்கு 10 லட்சம் என்றால் 12 வருடம் கழித்தும் 10 லட்சமாக இருக்காது. படிப்புச் செலவு வருடத்துக்கு 8 சதவீதம் ஏறும் என்று வைத்துக்கொண்டால், 1.08 என்ற எண்ணைப் பன்னிரண்டு முறை பெருக்க 2.518 வரும். அதாவது 10 லட்சம் 25 லட்சத்தைத் தாண்டிவிடும். விலை 6 சதவீதம்தான் ஏறும் என்றால் 20 லட்சம் போதும். இந்த ஏற்றத்தை எவ்வளவு என்று வைப்பது நம் ஊகம்தான். நான் சற்றுக் கூடுதலாகவே வைப்பேன். மிஞ்சினால் மேற்படிப்புக்கு ஆகும். குறைந்தால் கடன் வாங்க வேண்டும். ஆக இலக்கு 25 லட்சம்.

இனி மாதத் தொகை. பணம் வருடத்துக்கு 10 சதவீதம் வளரும் என்று வைப்போம். 25 லட்சத்தை நேரடியாகப் பிடிக்க முயல வேண்டாம். மாதம் ஒரு ரூபாய் போட்டால் என்ன ஆகும் என்று மட்டும் பார்ப்போம்.

ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் ஒரு ரூபாய் போட்டால், ஒரு வருடத்தில் நம் கையிலிருந்து போவது 12 ரூபாய். ஜனவரியில் போட்டது முழு வருடமும் வளர்கிறது, டிசம்பரில் போட்டது ஒரு மாதம்தான் வளர்கிறது. எல்லாம் கூட்டினால் வருடக் கடைசியில் 12 ரூபாய் 64 காசு. முதல் வருடத்தின் இந்த 12.64 இன்னும் பதினொரு வருடம் வளர்ந்து 36 ரூபாய் ஆகிறது. இரண்டாம் வருடத்தின் 12.64 பத்து வருடம் வளர்ந்து கிட்டத்தட்ட 33 ஆகிறது. இப்படியே இறங்கி, கடைசி வருடத்தின் 12.64 அப்படியே 12.64 ஆக நிற்கிறது. பன்னிரண்டையும் கூட்டினால் 270 ரூபாய் 31 காசு. நாம் போட்டது 144 ரூபாய், கிடைப்பது 270.

மீதி வெறும் வகுத்தல். 25 லட்சத்தை 270.31 ஆல் வகுத்தால் 9,249. மாதம் 9,250 ரூபாய். இலக்கு 15 லட்சம் என்றாலும் 40 லட்சம் என்றாலும், 12 வருடமும் 10 சதவீதமும் மாறாதவரை வகுக்கும் எண் அதே 270தான். ஒரு லட்சத்துக்கு மாதம் 370 ரூபாய் என்று மனதில் வைத்துக்கொண்டாலே போதும்.

கணினியில் எக்செல் அல்லது கூகுள் ஷீட் இருந்தால் ஒரே வரியில் இது வந்துவிடும்:

```
=PMT(1.1^(1/12)-1, 144, 0, -2500000, 1)
```

முதலில் மாத வளர்ச்சி வீதம், அடுத்து மாதங்களின் எண்ணிக்கை, பிறகு கையில் ஏற்கெனவே உள்ள தொகை, அதன் பின் இலக்கு. கடைசியில் உள்ள 1 மாதத் தொடக்கத்தில் கட்டுவதைக் குறிக்கிறது.

இதே கணக்கைச் சில செயலிகளில் போட்டால் 9,249 வராது, 8,969 வரும். இரண்டுக்கும் 280 ரூபாய் வித்தியாசம். குறைவாகக் காட்டும் செயலி 10 சதவீதத்தை நேராகப் பன்னிரண்டால் வகுத்து மாதத்துக்கு 0.833 என்று எடுத்துக்கொள்கிறது. மாதம் 0.833 சதவீதம் வட்டிக்கு வட்டியாக வளர்ந்தால் வருடத்தில் 10 அல்ல, 10.47 ஆகிவிடும். நமக்கே தெரியாமல் அரை சதவீதம் கூடுதல் வருமானத்தை அது எதிர்பார்க்கிறது. மியூச்சுவல் ஃபண்டுகள் விளம்பரத்தில் காட்டும் வருடாந்தர வருமானம் கூட்டு வட்டியையும் உள்ளடக்கிய முழு வருட வளர்ச்சி. எனவே அதை வைத்துக் கணக்கிடுபவர் மாதத்துக்கு 0.797 என்றே எடுக்க வேண்டும். எந்தச் செயலி எப்படிப் போடுகிறது என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. மாதம் 1,000 ரூபாய், ஒரு வருடம், 10 சதவீதம் என்று கொடுத்துப் பாருங்கள். 12,640 என்று வந்தால் சரி. 12,670 என்றால் அது பன்னிரண்டால் வகுக்கிறது.

இந்த 280 ரூபாய் சிறிய விஷயம். 10 சதவீதம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மற்றவை வெறும் பெருக்கல் வகுத்தல்.

முகவர்கள் கொண்டுவரும் தாளில் பெரும்பாலும் 12 சதவீதம் இருக்கும், சிலவற்றில் 15 கூட இருக்கும். 12 என்று போட்டால் மாதத் தொகை 8,114 ஆகக் குறைகிறது. கேட்பவருக்கும் நிம்மதியாக இருக்கிறது. ஆனால் 12 என்று நம்பி 8,114 கட்டி வந்து, கிடைத்தது 8 சதவீதம்தான் என்றால் கையில் நிற்பது 19.27 லட்சம். கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் லட்சம் குறைகிறது. அதைச் சரிக்கட்ட அப்போது காலமே மிச்சம் இருக்காது.

நான் இப்படி எண்ணுவேன்: பணத்தில் 70 சதவீதம் பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டில், 30 சதவீதம் வங்கி டெபாசிட், அரசுச் சேமிப்பு போன்றவற்றில். முதலாவதற்கு 11, இரண்டாவதற்கு 7. அந்தந்தப் பங்குக்கு ஏற்பக் கூட்டினால் 9.8 வருகிறது. அதுதான் நம் 10. எல்லாவற்றையும் டெபாசிட்டிலேயே வைப்பவர் 10 என்று போடவே கூடாது. அரசு தரும் வட்டியும் நிலையாக நிற்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பி.பி.எஃப். கணக்கு 2000ஆம் வருடத் தொடக்கம் வரை 12 சதவீதம் தந்தது. 2020 ஏப்ரலில் அது 7.1 ஆக இறங்கியது. அன்றைக்கு 12ஐ நம்பி இருபது வருடக் கணக்குப் போட்டவரின் தாள் செல்லாக்காசாகிவிட்டது.

வருமான வீதம் வரிக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும் என்பதும் பலர் விட்டுவிடுவது. பங்கு ஃபண்டில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து எடுக்கும் லாபத்தில், ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 12.5 சதவீதம் வரி என்று 2024 ஜூலையில் விதி வந்தது. நம் கணக்கில் முழுத் தொகையும் பங்கு ஃபண்டில் இருந்து, ஒரே வருடத்தில் எடுத்தால், லாபம் சுமார் 11.7 லட்சம், வரி 1.3 லட்சத்துக்கு மேல் போகும். கட்டணத்தை நான்கு வருடமாகத்தான் கட்டப்போகிறோம். ஆகவே லாபத்தையும் நான்கு வருடமாகப் பிரித்து எடுத்தால் வரி கணிசமாகக் குறையும்.

இன்னொரு ஆபத்து கடைசி மூன்று வருடத்தில் ஒளிந்திருக்கிறது. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அதே வருடம் அக்டோபரில் 8,000க்கும் கீழே விழுந்தது. தொடக்கத்தில் விழுந்தால் நமக்கு நஷ்டமில்லை, மலிவாக வாங்கிக்கொள்கிறோம். பதினோராவது வருடத்தில் விழுந்தால் சேர்ந்த மொத்தமும் விழுகிறது. அதனால் ஒன்பதாம் வருடம் முடிந்ததும் பணத்தைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பது நிதி ஆலோசகர்கள் பலரும் சொல்வது. ஆனால் அவ்வாறு மாற்றினால் அந்த மூன்று வருடம் 10 சதவீதம் கிடைக்காது என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒன்பது வருடம் 10, கடைசி மூன்று வருடம் 6.5 என்று போட்டால், வகுக்கும் எண் 270 இலிருந்து 247 ஆகக் குறைகிறது. மாதத் தொகை 10,120 ஆகிறது. பாதுகாப்புக்கு நாம் தரும் விலை மாதம் 870 ரூபாய். என்னைக் கேட்டால் இதுதான் நேர்மையான தொகை. 9,250 என்பது முதல் மதிப்பீடு மட்டுமே.

பத்தாயிரம் இன்றைக்கு முடியாது என்பவர்கள் நிறைய. அவர்களுக்குத் தொகையை வருடந்தோறும் ஏற்றும் வழி உண்டு. 12 வருடமும் 10 சதவீதமே கிடைப்பதாகக் கொண்டு, மாதத் தொகையை வருடத்துக்கு 10 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால், தொடக்கத்தில் 5,777 ரூபாய் போதும். சம்பளம் ஏறும்போது இதுவும் ஏறுகிறது. ஆனால் பன்னிரண்டாம் வருடத்தில் கட்ட வேண்டியது மாதம் 16,480. சம்பளம் அந்த வேகத்தில் ஏறும் வேலையா என்று யோசித்துத்தான் இதில் இறங்க வேண்டும். இரண்டு மூன்று வருடம் ஏற்றாமல் விட்டால் கணக்கு குலைந்துவிடும். தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. மூன்று வருடம் கழித்துத் தொடங்கினால், மீதமுள்ள ஒன்பது வருடத்துக்கு மாதம் 14,560 தேவைப்படும்.

இவ்வளவு கவனமாகப் போட்டாலும் உலகம் நம் தாளின்படி நடக்காது. அதனால் வருடம் ஒருமுறை இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். மாதம் 9,250 கட்டி ஐந்து வருடம் ஆகிவிட்டது என்று வைப்போம். திட்டப்படி 7.14 லட்சம் இருக்க வேண்டும். சந்தை மந்தமாக இருந்ததால் 6 லட்சம்தான் இருக்கிறது. மீதி ஏழு வருடத்தில் இந்த 6 லட்சம் 10 சதவீதத்தில் 11.69 லட்சம் ஆகும். இன்னும் தேவை 13.31 லட்சம். ஏழு வருடத்துக்கு வகுக்கும் எண் 119.92. வகுத்தால் 11,097. மாதம் 1,850 ரூபாய் கூட்டினால் போதும். ஐந்தாம் வருடத்தில் தெரிந்தால் இது சமாளிக்கக்கூடிய தொகை. அதே நாளில் கல்லூரிக் கட்டணம் இப்போது எவ்வளவு என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். இலக்கும் நகர்ந்திருக்கலாம்.

அடுத்த முறை யாராவது 12 சதவீதத் தாளுடன் வீட்டுக்கு வந்தால், அதே இலக்கை 8 சதவீதத்துக்கும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நம் கணக்கில் அது மாதம் 10,527. அந்தத் தொகையை உங்களால் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.