அரபியில் வானம் பெண்பால்

“கைஃபல் ஜவ்வுல் யவ்ம்?” இன்று வானிலை எப்படி என்று அரபியில் கேட்பது இப்படித்தான். இதற்குத் தொடக்கநிலை மாணவர் ஒருவர் சொல்லக்கூடிய மிகச் சிறிய முழு வாக்கியம் “அல்-ஜவ்வு ஹார்ர்.” ஜவ்வு என்றால் வானிலை, ஹார்ர் என்றால் வெப்பமானது. ‘இருக்கிறது’ என்று சொல்ல அங்கே தனியாக ஒரு வினைச்சொல் இல்லை. ‘அவர் ஆசிரியர்’ என்று வினை இல்லாமலே பேசிப் பழகிய நமக்கு இது இயல்பாகவே வரும்.

இந்த இரண்டு சொல் வாக்கியத்தை ஒருமுறை சரியாகப் பிடித்துக்கொண்டால் ஒரு மாதத்துக்கு வேண்டிய வானிலைப் பேச்சு கைக்கு வந்துவிடும். ஹார்ர் இருந்த இடத்தில் பாரித் என்று வைத்தால் குளிர். முஃததில் என்றால் மிதமானது. முஷ்மிஸ் என்றால் வெயில் காய்கிறது, காயிம் என்றால் மேகமூட்டம், மும்திர் என்றால் மழை. வளைகுடாக் கடற்கரையில் கோடை முழுக்கக் காதில் விழும் சொல் ரத்ப், அதாவது புழுக்கமான ஈரப்பதம். எதையாவது அழுத்திச் சொல்ல வேண்டுமானால் கடைசியில் ‘ஜித்தன்’ சேர்த்தால் போதும்: “அல்-ஜவ்வு ஹார்ர் ஜித்தன்”, ரொம்ப வெப்பம்.

தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது வேறோர் இடத்தில். ‘அல்’ என்ற முன்னொட்டு நாம் பேசுகிற பொருளின் மீது மட்டுமே நிற்க வேண்டும். அதைப் பற்றிச் சொல்கிற சொல்லின் மீதும் அதே ‘அல்’லை ஒட்டி “அல்-ஜவ்வுல் ஹார்ர்” என்று சொன்னால் வாக்கியமே கலைந்துவிடும். அது ‘வெப்பமான வானிலை’ என்ற வெறும் தொடர்தான். கேட்பவர் அந்த வெப்பமான வானிலைக்கு என்ன ஆயிற்று என்று மீதி வாக்கியத்துக்குக் காத்திருப்பார். எதிரில் இருப்பவர் பதில் சொல்லாமல் நம் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு ‘அல்’ கூடிவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

அடுத்த படி, பால். தமிழில் வானமும் காற்றும் சூரியனும் அஃறிணை, எல்லாமே ‘அது’. அரபியில் ஒவ்வொரு பொருளும் ஆணாகவோ பெண்ணாகவோ இருந்தாக வேண்டும். பல பெண்பால் சொற்கள் ‘ஆ’ ஓசையில் முடிந்து தம்மைக் காட்டிக்கொடுக்கும்; ஈரப்பதத்தைக் குறிக்கும் ‘ருதூபா’ அப்படிப்பட்டது. ஆனால் வானிலைக்கு முக்கியமான மூன்று சொற்கள், அதாவது வானத்தைக் குறிக்கும் ஸமா, சூரியனைக் குறிக்கும் ஷம்ஸ், காற்றைக் குறிக்கும் ரீஹ், எந்த அடையாளமும் காட்டாமலே பெண்பால். இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. மனப்பாடம் செய்தபின் மற்றதெல்லாம் ஒழுங்காக நடக்கும்: “அல்-ஜவ்வு காயிம்”, ஆனால் “அஸ்-ஸமாஉ காயிமா”. வானிலையும் வானமும் ஒரே மேகமூட்டத்தில்தான் இருக்கின்றன, சொல்லின் முடிவு மட்டும் மாறுகிறது. வானம் தெளிவாக இருந்தால் “அஸ்-ஸமாஉ ஸாஃபியா”. பலத்த காற்று என்றால் “அர்-ரியாஹு ஷதீதா”. ரியாஹ் என்பது ரீஹின் பன்மை. உயிரற்ற பொருள்களின் பன்மையைப் பெண்பால் ஒருமையாகவே நடத்துவது அரபியின் வழக்கம். ‘இலைகள் உதிர்கிறது’ என்று பேச்சில் சொல்லும் நமக்கு, பன்மை எழுவாய்க்கு ஒருமை முடிவு வருவது அந்நியமாகப் படாது.

மழைக்கும் இதே பால்தான் வழி காட்டுகிறது. நூல்வழக்கில் “தும்திருஸ் ஸமா” என்பார்கள், வானம் பொழிகிறது. வினையின் தலையில் நிற்கும் ‘து’ பெண்பாலின் அடையாளம். மழையையே எழுவாயாக வைத்தால் “யன்ஸிலுல் மதர்”, மழை இறங்குகிறது. மதர் ஆண்பால் என்பதால் வினை ‘ய’ என்று தொடங்குகிறது.

இதுவரை சொன்னது இன்றைய வானிலை. நேற்றைக்குப் போனால் காணாமல் இருந்த வினைச்சொல் வெளியே வந்துவிடும். “கானல் ஜவ்வு ஹார்ரன்”, வானிலை வெப்பமாக இருந்தது. நாளைக்கு “ஸயகூனுல் ஜவ்வு ஹார்ரன்”, வெப்பமாக இருக்கும். இந்த வினை வந்தவுடன் ஹார்ர் என்பது ஹார்ரன் ஆகிவிடுவதைக் கவனியுங்கள். பேச்சில் அந்த ‘அன்’ விழுந்துவிடும். செய்தியிலும் எழுத்திலும் நிற்கும்.

பருவங்களைப் பற்றிப் பேசும்போது இன்னொரு நுணுக்கம் உண்டு. இன்று ஒருநாள் வெப்பம் என்றால் வினை வேண்டாம். ஆண்டுதோறும் அப்படித்தான் என்றால் ‘யகூனு’ வரும். “ஃபிஸ் ஸைஃப் யகூனுல் ஜவ்வு ஹார்ரன்”, கோடையில் வானிலை வெப்பமாக இருக்கும். அன்றைய வானிலையைச் சொல்கிறோமா, அந்த ஊரின் தட்பவெப்பத்தைச் சொல்கிறோமா என்பதை இந்த ஒரு சொல் பிரித்துக்காட்டுகிறது. தட்பவெப்பத்துக்குத் தனிப்பெயரும் உண்டு, முனாக். “முனாகு உமான் ஹார்ர்”, ஓமானின் தட்பவெப்பம் வெப்பமானது. நாட்டின் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டதால் முனாக் ‘அல்’ இல்லாமலே நிற்கிறது.

பாடப்புத்தகம் சொல்லும் பருவங்கள் நான்கு: அஷ்-ஷிதா குளிர்காலம், அர்-ரபீஃ வசந்தம், அஸ்-ஸைஃப் கோடை, அல்-கரீஃப் இலையுதிர்காலம். முதல் மூன்றிலும் ‘அல்’ தன் ‘ல்’லை இழந்து அடுத்த எழுத்தாகவே மாறியிருக்கிறது. கரீஃபில் மட்டும் அப்படியே நிற்கிறது. ‘ல்’லை விழுங்கும் எழுத்துகளை அரபு இலக்கணம் ‘சூரிய எழுத்துகள்’ என்றும், விழுங்காதவற்றைச் ‘சந்திர எழுத்துகள்’ என்றும் அழைக்கிறது. சூரியனைச் சொல்லும் அஷ்-ஷம்ஸும் நிலவைச் சொல்லும் அல்-கமரும் அந்த இரண்டு வகைக்கும் எடுத்துக்காட்டுகள்.

உச்சரிப்பில் ஓர் எச்சரிக்கை. நாம் ‘ஸைஃப்’ என்று எழுதும் எழுத்துக்கூட்டலில் அரபியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன, ஒன்று கோடை, மற்றொன்று வாள். கோடையின் ‘ஸ’வைச் சொல்லும்போது நாக்கின் பின்பகுதி மேலெழும்பி ஓசை கனத்து ஒலிக்க வேண்டும். வாளின் ‘ஸ’ நம்முடைய சாதாரண ‘ஸ’தான். தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது, ஆகவே இதைக் காதால் மட்டுமே கற்க முடியும். குறில் நெடிலில் நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ஹர்ர் என்றால் வெப்பம் என்ற பெயர்ச்சொல், ஹார்ர் என்றால் வெப்பமானது. இந்த வேறுபாட்டை நம் நாக்கு தவறவிடாது.

நான்கு பருவப் பட்டியலை அப்படியே நம்பிக்கொண்டு ஓமானின் தெற்கிலுள்ள ஸலாலாவுக்குப் போனால் குழப்பம்தான். அங்கே கரீஃப் என்றால் உதிரும் இலைகள் இல்லை, துளிர்க்கும் மலைகள். ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரையுள்ள மழைக்காலத்துக்கே அந்த ஊர் இட்ட பெயர் அது. கேரளத்துக்கு மழை கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று தோஃபார் கரையை உரசிச் செல்லும்போது, கடலின் அடியிலிருக்கும் குளிர்ந்த நீரை மேலே இழுத்துவிடுகிறது. அந்த நீரின் மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகி, கரையை ஒட்டிய மலைகளில் தேங்கி நிற்கிறது. கொட்டும் மழையைவிடத் தூறலே அதிகம். ஆகவே அங்கே வேண்டிய சொற்கள் வேறு: ரதாத் என்றால் தூறல், ளபாப் என்றால் மூடுபனி. ஜூலையில் மஸ்கட் 40 பாகையைத் தொடும் நாளில் ஸலாலாவில் 27, 28 தான் இருக்கும். அந்த நாளைச் சொல்ல நமக்குத் தெரிந்த வாக்கியமே போதும்: “அல்-ஜவ்வு ஃபீ மஸ்கத் ஹார்ர், வ ஃபீ ஸலாலா முஃததில்.” கரீஃப் முடிந்து மூடுபனி விலகிய பிறகு வரும் பருவத்துக்கு அங்கே ஸர்ப் என்று பெயர். பாடப்புத்தகத்தின் இலையுதிர்காலம் வந்து உட்கார வேண்டிய மாதங்கள் அவைதான்.

வானிலையிலிருந்து உடம்புக்கு வருவோம். ‘எனக்குக் குளிருது’ என்று சொல்ல நினைத்து “அன பாரித்” என்றால் அது வேறு பொருள் தரும். மனிதரைப் பாரித் என்பது அவர் உணர்ச்சியற்றவர், சுவையற்றவர் என்பதுபோல் ஆகிவிடும். “அன பர்தான்” என்பதே சரி, பெண்ணானால் “பர்தானா”. நூல்வழக்கில் “அஷ்உரு பில் பர்த்”, குளிரை உணர்கிறேன். இந்த வடிவம் ஆண், பெண் இருவருக்கும் ஒன்றே என்பதால் புதியவர்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

தெருவில் கேட்பது ஊருக்கு ஊர் மாறும். எகிப்தியர் ‘அல்-ஜவ்வு’க்குப் பதிலாக ‘இத்-துன்யா’ என்று உலகத்தையே எழுவாயாக வைப்பார்கள். “இத்-துன்யா ஹர்ர்”, “இத்-துன்யா பித்மத்தர்”, அதாவது மழை பெய்கிறது. லெபனானிலும் சிரியாவிலும் “அம் பித்ஷத்தி” என்றால் மழை பெய்கிறது. மழை குளிர்காலத்திலேயே வரும் நாடுகள் ஆதலால் ஷிதா என்ற பருவத்தின் பெயரே அங்கே மழையின் வினையாகிவிட்டது. வளைகுடாவில் புழுதி கிளம்பினால் “ஃபீ குபார்” என்றால் போதும், புழுதி இருக்கிறது.

வானொலி, தொலைக்காட்சி வானிலை அறிக்கைகள் மட்டும் பெரும்பாலும் நூல்வழக்கையே பேசும். வானிலை என்பதற்கு அறிக்கையில் வரும் சொல் தக்ஸ். அறிக்கை ஒன்று இப்படி அமையும்: “ஸயகூனுத் தக்ஸு கதன் ஹார்ரன் நஹாரன், முஃததிலன் லைலன், வர்-ரியாஹு ஷமாலிய்யா கர்பிய்யா.” முதலில் கேட்கும்போது ‘அன்’ ‘அன்’ என்று முடியும் ஐந்து சொற்கள் காதில் மோதும். அவற்றில் இரண்டு மட்டுமே நிலையைச் சொல்பவை: ஹார்ரன், முஃததிலன். மற்ற மூன்றும் காலம்: கதன் நாளை, நஹாரன் பகலில், லைலன் இரவில். இதைப் பிரித்துவிட்டால் அறிக்கை அவிழ்ந்துவிடும். நாளை பகலில் வெப்பம், இரவில் மிதம். காற்றைப் பற்றிய கடைசித் துண்டில் யகூனு இல்லை; அது நாம் முதலில் பார்த்த வினையற்ற வாக்கியமே, வடமேற்குக் காற்று. ஷமாலிய்யா, கர்பிய்யா இரண்டும் ‘ஆ’வில் முடிவது, ரியாஹ் பெண்பால் ஒருமையாக நடத்தப்படுவதால்.

அதன்பின் பாகைக்கணக்கு வரும். 40 பாகை என்றால் “அர்பஊன தரஜா”, 35 என்றால் “கம்ஸுன் வ ஸலாஸூன தரஜா”, ஐந்தும் முப்பதும் என்று சின்ன எண்ணே முன்னால் வரும். மலையூரில் குளிர்காலத்து 5 பாகைக்கு “கம்ஸு தரஜாத்”. மூன்றிலிருந்து பத்து வரைதான் பாகை பன்மையாகி ‘தரஜாத்’ ஆகும், பதினொன்றிலிருந்து மறுபடி ஒருமைக்கே திரும்பிவிடும். எண் தெளிவாகக் காதில் விழாவிட்டாலும், தரஜாத் என்று முடிந்தால் நாளை கம்பளியை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.