போட்டோ நேரா இருக்கு... பேர் மட்டும் ஏன் தள்ளிப்போகுது? கேன்வாவில் 'Space evenly' வேலை செய்யும் விதம்

ஆபீஸ் நிகழ்ச்சிக்கு நாலு பேச்சாளர்கள். நாலு வட்டப் போட்டோ, கீழே நாலு பேர். இன்ஸ்டாகிராமுக்கு ஒரு போஸ்ட் போடணும். கேன்வாவில் பத்து நிமிஷ வேலைதான். ஆனால், முடித்துப் பார்த்தால் மூணாவது ஆளின் பேர் அவர் போட்டோவுக்குக் கீழே இல்லாமல் நாலாவது ஆள் பக்கம் நகர்ந்து நிற்கும். இத்தனைக்கும் எல்லாவற்றையும் செலக்ட் பண்ணி, 'சம இடைவெளி' பட்டனைத்தான் அழுத்தியிருப்போம். வாட்ஸ்அப்பில் சின்னதாகப் பார்ப்பவருக்கு யார் பேர் யாருடையது என்றே குழப்பம் வரும்.

பட்டனில் கோளாறு இல்லை. அது எதை அளக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் போட்டோக்களை வரிசையாக வைப்போம். இன்ஸ்டாவின் சதுர போஸ்ட் 1080 பிக்சல் அகலம். இரண்டு ஓரத்திலும் 90 பிக்சல் விட்டால் நடுவில் 900 மிச்சம். ஒவ்வொரு வட்டமும் 180 பிக்சல் என்றால், நாலுக்கும் சேர்த்து 720 போய்விடும். மீதி 180. நாலு போட்டோவுக்கு நடுவே மூணு இடைவெளிதான் என்பதால், ஒவ்வொன்றுக்கும் 60 பிக்சல் கிடைக்கும். இந்தக் கணக்கை முன்னாடியே போட்டுவிடுவது நல்லது. இடம் பத்தாது என்பது முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடும்.

அந்த 90 பிக்சல் ஓரத்தைக் கண்ணால் குத்துமதிப்பாக வைக்க வேண்டாம். லேப்டாப்பில் கேன்வாவைத் திறந்து File, Settings போய் 'Show rulers and guides' என்பதை டிக் செய்தால், மேலேயும் இடதுபக்கமும் அளவுகோல் வரும். இடது அளவுகோலில் மவுஸை வைத்து இழுத்தால் செங்குத்தாக ஒரு கோடு கையோடு வரும். ஒரு கோட்டை 90-இல் விடுங்கள், இன்னொன்றை 990-இல். இதுதான் கைடு. டவுன்லோடு செய்யும்போது படத்தில் வராது, நமக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது முதல் போட்டோவின் இடது விளிம்பை 90 கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். கொஞ்ச தூரத்திலேயே கோடு அதை இழுத்து ஒட்டிக்கொள்ளும். இதுதான் ஸ்னாப்பிங். நாலாவது போட்டோவின் வலது விளிம்பை 990-இல் இதேபோல் ஒட்டவையுங்கள். நடுவில் உள்ள இரண்டும் எங்கே வேண்டுமானாலும் கிடக்கட்டும்.

பிறகு ஷிஃப்டை அழுத்திக்கொண்டு நாலையும் கிளிக் செய்து, மேலே 'Position' போனால் 'Arrange' பகுதி வரும். இங்கே பலர் தடுமாறுவது ஒரு வார்த்தையில். பக்கவாட்டு வரிசையை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர 'Middle' அழுத்த வேண்டும். 'Center' அழுத்தினால் நாலு போட்டோவும் நடுக்கோட்டுக்கு ஓடிவந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பதற வேண்டாம், Ctrl+Z போதும். மட்டம் சரியானதும் 'Space evenly' கீழே 'Horizontally'.

இந்தப் பட்டன் முதல் ஆளையும் கடைசி ஆளையும் தொடவே தொடாது. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ளவற்றை மட்டும்தான் நகர்த்தும். அதனால்தான் ஓரத்தில் இருப்பவற்றை முதலில் கைடில் ஒட்டினோம். நாலாவது போட்டோ 1020 வரை போயிருந்தால், உள்ளே இடைவெளி கனகச்சிதமாக இருந்தாலும் வலது ஓரம் நெருக்கியடித்துத் தெரியும்.

சரியாக வந்ததா என்று பார்க்க கண்ணை நம்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு போட்டோவையும் தனியாகக் கிளிக் செய்தால், அதே 'Arrange' பகுதியில் X என்று ஒரு எண் இருக்கும். இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது அது. நம் கணக்குப்படி 90, 330, 570, 810 வர வேண்டும். 573 என்று வந்தால், பக்கத்தில் இருந்த தலைப்போ வேறு ஏதோ ஒன்றோ அதை இழுத்து ஒட்டவைத்திருக்கிறது. ஸ்னாப்பிங்குக்கு நீங்கள் எதில் ஒட்ட நினைக்கிறீர்கள் என்று தெரியாது. பக்கத்தில் இருப்பதில் ஒட்டிக்கொள்ளும். அப்போது மவுஸை விட்டுவிட்டு கீபோர்டின் அம்புக்குறிக்கு மாறுங்கள். ஒரு தட்டுக்கு 1 பிக்சல், ஷிஃப்டோடு தட்டினால் 10.

இனி பேர்கள் விஷயத்துக்கு வருவோம். போட்டோக்கள் எல்லாம் ஒரே அகலம், பேர்கள் அப்படியில்லை. 'உமா' இரண்டே எழுத்து, 'பாலசுப்ரமணியன்' நீளம். எழுத்தை ஒட்டியே பெட்டியின் அகலத்தைக் குறுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: 60, 210, 60, 120 பிக்சல். முதல் பேரும் கடைசிப் பேரும் தங்கள் போட்டோவுக்கு நேர் நடுவில் இருக்கின்றன. இப்போது நாலு பேரையும் செலக்ட் செய்து 'Space evenly' கொடுத்தால், பேர்களுக்கு இடையில் மூன்று இடமும் 120 பிக்சல் ஆகும். சொன்ன வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. ஆனால், இரண்டாவது பேர் அதன் போட்டோவின் நடுவிலிருந்து 15 பிக்சல் வலதுபக்கம் போயிருக்கும். மூன்றாவது 30 பிக்சல்! 180 பிக்சல் வட்டத்தில் 30 என்பது ஆறில் ஒரு பங்கு. போனில் பார்த்தாலே உறுத்தும்.

காரணம், இந்தப் பட்டன் சமமாக்குவது பெட்டிகளுக்கு இடையிலான காலி இடத்தை. நமக்கு வேண்டியதோ நடுப்புள்ளிகள் சம தூரத்தில் இருப்பது. எல்லாம் ஒரே அகலமாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். அகலம் மாறினால் ஆளுக்கொரு பக்கம்.

அப்போ தீர்வு? நாலு பேர்ப் பெட்டிகளையும் ஒரே அகலமாக்கிவிடுவதுதான். நம் போஸ்டுக்கு 220 பிக்சல் வைக்கலாம். நீளமான பேரும் உள்ளே அடங்கும். உள்ளே எழுத்தை நடுவில் வருமாறு மாற்றிவிடுங்கள். முதல் பெட்டியை முதல் போட்டோவின் நடுவில் ஸ்னாப் செய்யுங்கள், கடைசியைக் கடைசிப் போட்டோவின் நடுவில். பெட்டி 90 கோட்டைத் தாண்டி 70-இல் தொடங்கும், பரவாயில்லை. பெட்டி யார் கண்ணுக்கும் தெரியாது, எழுத்துதான் தெரியும். இப்போது 'Space evenly' கொடுத்தால் X எண்கள் 70, 310, 550, 790. பேர் ஒவ்வொன்றும் அதனதன் போட்டோவின் கீழே.

இன்னும் நீளமாக, இனிஷியல், பட்டம் எல்லாம் சேர்ந்த பேர் வந்தால் 220-இல் அடங்காமல் இரண்டு வரியாக மடியும். அந்தப் பெட்டி மட்டும் உயரம் கூடிவிடுவதால், 'Middle' கொடுத்தால் மற்ற பேர்கள் அதன் இரண்டு வரிக்கும் நடு உயரத்தில் போய் நிற்கும். அங்கே 'Top' கொடுங்கள். எல்லாப் பேரும் ஒரே மட்டத்தில் தொடங்கும், நீளமானது மட்டும் கீழே இறங்கும்.

ஸ்பான்சர் லோகோக்களை வரிசையாக வைக்கும்போதும் இதே சிக்கல் வேறு வேஷத்தில் வரும். அனுப்பப்படும் பிஎன்ஜி ஃபைல்கள் பலவற்றில் லோகோவைச் சுற்றி வெற்று இடம் இருக்கும். பின்னணி இல்லாத படம் என்பதால் அது தெரியாது. கேன்வாவுக்கோ அதுவும் படத்தில் சேர்த்தி. எண்கள் எல்லாம் சமம் என்று காட்டினாலும் ஒரு லோகோ மட்டும் ஒதுங்கி நிற்பது போலத் தெரிந்தால், அதன்மேல் கிளிக் செய்து சுற்றி வரும் பெட்டி எவ்வளவு பெரிது என்று பாருங்கள். படத்துக்கும் பெட்டிக்கும் நடுவே இடம் இருந்தால், டபுள் கிளிக் செய்து அதைக் கிராப் பண்ணிவிட்டு மறுபடியும் 'Space evenly' அழுத்துங்கள்.